சிங்கப்பூரில் சேர்த்த பணம்: ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே வைப்பதா?

"ஐயா, சிங்கப்பூர் ஷிப்யார்டில் எஸ் பாஸ் வேலை அனுமதியில் இருக்கிறேன், வயது 38. பேங்க் சேவிங்ஸில் 45,000 சிங்கப்பூர் வெள்ளி சும்மா கிடக்கிறது. இன்னும் நாலைந்து வருடம் இங்கேதான். பைபாஸ் ஓரம் மனை வாங்கிப் போடச் சொல்கிறார் மச்சான். ரூபாய் விழுந்துகொண்டே இருக்கிறது, இங்கேயே போடு என்கிறார் ரூமில் இருக்கிற அண்ணன். மகளுக்கு 9 வயது. யார் பேச்சைக் கேட்பது?"

தம்பி, இரண்டு பேரும் சொல்வதில் ஒன்று கலந்துபோயிருக்கிறது. எந்த நாட்டில் போடுவது என்பது ஒரு விஷயம். ரூபாயாக வைப்பதா, வெள்ளியாக வைப்பதா என்பது வேறு விஷயம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் என்.ஆர்.ஐ. கணக்குகளைப் பல வருடம் பார்த்தவன் நான். பாஸ்போர்ட்டோடு வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். அதனால் முதலில் ரூபாய்க் கணக்கு, அப்புறம் சிங்கப்பூர், கடைசியில் மனை என்று போகிறேன்.

ரூம் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2014 நடுவில் ஒரு வெள்ளிக்குச் சுமார் 48 ரூபாய். 2024 நடுவில் அது 62. பத்து வருடத்தைச் சராசரியாக்கினால் ஆண்டுக்கு 2.6% அளவுக்கு ரூபாய் இறங்கியிருக்கிறது. ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்தப் பத்து வருடமும் ரூபாய்க்கு வட்டி அதிகம், வெள்ளிக்கு வட்டி குறைவு. விழுந்ததை மட்டும் பார்த்து, விழுகிற காலத்தில் சேர்ந்த வட்டியைப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

போட்டே பார்ப்போம். 2014 நடுவில் ஒருவர் 10,000 வெள்ளியை ஊருக்கு அனுப்பி 4,80,000 ரூபாயை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.இ. கணக்கில் எஃப்.டி.யாகப் போட்டார் என்று வையுங்கள். முதல் ஐந்து வருடம் 8.5%, அடுத்த ஐந்து வருடம் 6.5% என்று கொள்கிறேன். அந்தந்தக் காலத்து வங்கி வட்டியை ஒட்டிய எண்கள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேரும் வட்டியை எடுக்காமல் விட்டிருந்தால் 2024இல் சுமார் 10 லட்சத்து 9 ஆயிரம். அதை 62 ரூபாய்க்கு மீண்டும் வெள்ளியாக்கினால் 16,000க்குக் கொஞ்சம் மேலே. அதே 10,000 வெள்ளியைச் சிங்கப்பூரிலேயே 2% வட்டியில் விட்டிருந்தால் 12,200 வெள்ளிதான். உங்களுடையது போல அடிப்படை வட்டி 0.05% தருகிற சேமிப்புக் கணக்கில் கிடந்திருந்தால் பத்து வருடத்துக்கு 50 வெள்ளி வட்டி. ஆக, ரூபாய் விழுந்தும்கூட அந்தப் பத்து வருடத்தில் ஊருக்கு அனுப்பியவர்தான் ஜெயித்தார்.

இதற்கு வரியும் ஒரு காரணம். நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஊரில் இருப்பவருக்கு அதே 6.5% கிடைத்தாலும் அவர் வருமானத்துக்கு ஏற்றபடி வரி போகும். உங்களுக்கு முழுசாக வரும், அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் தடையில்லாமல் வெளிநாட்டுக்குத் திரும்பும்.

இது நடந்துமுடிந்த கணக்கு. இனி என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். அதற்குப் பதிலாக நான் வாடிக்கையாளர்களுக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தது 'சமமாகும் ரேட்'. இன்று வெள்ளி 68 ரூபாய், என்.ஆர்.இ. எஃப்.டி. 6.5%, சிங்கப்பூரில் பத்திரமான இடத்தில் 2% என்று வைப்போம். நீங்கள் பார்க்கும் நாளில் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து வெள்ளி 71க்கு மேலே போயிருந்தால் சிங்கப்பூரில் வைத்தவருக்கு லாபம், கீழே இருந்தால் ஊருக்கு அனுப்பியவருக்கு லாபம். இதையே ஐந்து வருடத்துக்குப் பார்த்தால் அந்தக் கோடு 85 ரூபாய். "ரூபாய் விழும்" என்று சொன்னால் போதாது. ஐந்து வருடத்தில் 68இலிருந்து 85ஐத் தாண்டி விழும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்பதுதான் கேட்டுக்கொள்ள வேண்டியது. ரேட் இன்னும் ஏறட்டும் என்று பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு இந்தக் கோடு இன்னும் மேலே. அவருக்கு ஒரே வருடத்தில் 72.50 ஆனால்தான் நஷ்டமில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரூபாய் வருடா வருடம் 2.6% என்று படிப்படியாக இறங்குவதில்லை. கொஞ்ச காலம் அசையாமல் நிற்கும், அப்புறம் ஒரேயடியாகச் சரியும். 2013 மே மாதம் 43, 44 ரூபாயாக இருந்த வெள்ளி ஆகஸ்ட் கடைசியில் 53ஐத் தாண்டியது. 2024 நடுவில் 62ஆக இருந்தது 2025 முடிவில் 70ஐ ஒட்டி வந்துவிட்டது. அந்த ஒன்றரை வருடத்தில் எஃப்.டி. தந்த வட்டி முழுவதையும் இந்தச் சரிவு சாப்பிட்டுவிட்டது. ரூபாயில் பார்த்தால் வளர்ந்திருக்கும், வெள்ளியில் பார்த்தால் கொஞ்சம் குறைந்தே இருக்கும். ஊரில் ரூபாயாகவே செலவழிக்கப் போகிறவருக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. திரும்ப வெள்ளியாகத் தேவைப்படுகிறவருக்குத்தான் அடி. எனவே இந்தப் பணத்தை எங்கே, எப்போது செலவு செய்வீர்கள் என்பது ரேட்டைவிட முக்கியம். மகள் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கல்லூரி சேர்வது எட்டு, ஒன்பது வருடம் கழித்து, ரூபாயில். வீட்டு வேலை ரூபாயில். நீங்கள் திடீரென்று வேலை மாற நேர்ந்தால் ரூம் வாடகை, சாப்பாடு, டிக்கெட் வெள்ளியில். பி.ஆர். வாங்கிக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் எல்லாமே வெள்ளியில். அது பற்றி நீங்கள் எழுதவில்லை. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் நான் கீழே சொல்லும் பிரிவினையை மாற்ற வேண்டும்.

சரி, சிங்கப்பூரில் வைப்பதென்றால் எதில்? எஸ் பாஸிலும் ஒர்க் பெர்மிட்டிலும் இருப்பவர்களுக்கு சி.பி.எஃப். என்ற ஓய்வுகாலச் சேமிப்பு கிடையாது, அதனால் அந்த வழி இல்லை. வங்கி வைப்புத்தொகைக்கு 2024 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 வெள்ளி வரை காப்பீடு உண்டு, பத்திரத்துக்குக் குறைவில்லை. உங்களைப் போன்றவருக்கு நான் அதிகம் சொல்வது சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம். அரசாங்கம் வெளியிடுவது. 18 வயது ஆன எவரும் வாங்கலாம், குடியுரிமை தேவையில்லை. 500 வெள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம். டி.பி.எஸ்., ஓ.சி.பி.சி., யு.ஓ.பி. இவற்றில் ஒன்றில் கணக்கும், அதோடு இணைத்த, பத்திரங்களை வைத்திருக்கும் சி.டி.பி. கணக்கும் வேண்டும். ஏ.டி.எம்.மிலேயே விண்ணப்பிக்கலாம், ஒரு முறைக்கு 2 வெள்ளி கட்டணம். பத்து வருடத்துக்கான வட்டி வாங்கும்போதே எழுதிவிடுவார்கள். நடுவில் எந்த மாதமும் அபராதமில்லாமல் எடுக்கலாம், பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில் கணக்குக்கு வரும். தனிநபருக்கு அந்த வட்டிக்குச் சிங்கப்பூரில் வரி இல்லை. வட்டி காலத்துக்குக் காலம் மாறும். 2022 டிசம்பர் வெளியீட்டில் பத்து வருடச் சராசரி 3.47% வரை போனது, 2025இன் பிற்பகுதியில் 2%ஐ ஒட்டி இறங்கிவிட்டது.

இதில் சிக்கல் வட்டியால் வருவதில்லை, பாஸ் முடிகிற நாளில் வருகிறது. என்னிடம் வந்த ஒருவர் பதினான்கு வருடம் இருந்தவர். கம்பெனி ஆள் குறைத்தபோது சில வாரத்துக்குள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. சிங்கப்பூர் வங்கியில் 11,000 வெள்ளி அப்படியே இருந்தது. ஊருக்கு வந்தபின் போனில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். ரீசார்ஜ் செய்யாமல் சிங்கப்பூர் சிம் செத்துப்போனது, ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பழைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துச் சான்றோடு காகிதம் அனுப்ப வேண்டும். அவர் என் மேஜையில் அந்தப் பழைய சிம்மைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. அதனால் அங்கே வைக்கும் பணத்துக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் இருந்தால் கணக்கை மூடும் முன் பணமாக்கிவிட வேண்டும். கிளம்பும் முன் வங்கியில் இந்திய போன் எண்ணையும் முகவரியையும் பதிய வேண்டும். அதற்கு முன்பே ஒரு சின்னத் தொகையை உங்கள் என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பி வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நம் ஆட்களில் நிறையப் பேருக்கு அது தெரியாது. எஃப்.சி.என்.ஆர். வைப்பு. பணம் இந்திய வங்கியில் இருக்கும், ஆனால் ரூபாயாக மாறாது. டாலராகவோ பவுண்டாகவோ போட்டு, அதே நாணயத்தில் அசலும் வட்டியும் வாங்கலாம். ரூபாய் விழுந்தாலும் ஏறினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. காலம் ஒன்றிலிருந்து ஐந்து வருடம். வெளிநாட்டில் இருக்கும்வரை இதற்கும் வரி இல்லை. அமெரிக்க டாலர் பெரும்பாலான வங்கிகளில் எடுப்பார்கள். வெள்ளியிலேயே எடுக்கும் வங்கி சிலதுதான், கேட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளியை டாலராக்கிப் போட்டால் அந்த மாற்றத்தில் கொஞ்சம் போகும், வெள்ளிக்கும் டாலருக்கும் இடையிலான ஏற்ற இறக்கமும் உங்கள் தலையில் வரும். ஊருக்குத் திரும்புவது உறுதி, ஆனால் ரூபாயாக்கும் நாளை நானே முடிவு செய்ய வேண்டும் என்பவருக்கு இது பொருந்தும்.

என்.ஆர்.இ. எஃப்.டி.யில் நான் அடிக்கடி பார்த்த தவறுகள் இரண்டு. முதலாவது, அவசரத்துக்கு உடைப்பது. ஒரு வருடம் ஆகும் முன் உடைத்தால் வட்டி ஒரு பைசா கிடையாது, பதினோராவது மாதம் உடைத்தாலும் அதேதான். அதனால் முழுத் தொகையையும் ஒரே எஃப்.டி.யாகப் போடாமல் மூன்று நான்காகப் பிரித்துப் போடச் சொல்வேன். தேவை வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். இரண்டாவது இன்னும் பெரியது. வெளிநாடு போகும் முன் வைத்திருந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கிலேயே பணம் அனுப்பிக்கொண்டிருப்பது, அல்லது மனைவி கணக்குக்கு அனுப்பி அவர் பெயரில் எஃப்.டி. போடுவது. பழைய கணக்கை, வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். அதில் வரும் வட்டிக்கு வரி உண்டு, வங்கியே 30%க்கு மேல் பிடித்துவிடும். மனைவிக்கு அனுப்புவது பரிசாக ஆகிவிடும். அவருக்கு அதற்கு வரி இல்லை என்றாலும், அந்தப் பணம் ஈட்டும் வட்டியை உங்கள் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். வரியில்லாத வட்டியை வரியுள்ள வட்டியாக நாமே மாற்றிக்கொள்கிறோம். வங்கி வழியில்லாமல் உண்டியலில் அனுப்பினால் கேட்கவே வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்று காட்ட ஒரு காகிதமும் இருக்காது. இன்னொன்று, இந்தியாவில் வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். அரை சதவீதம் கூடக் கிடைக்கிறதே என்று சின்ன வங்கி ஒன்றில் மொத்தத்தையும் கொட்ட வேண்டாம்.

இப்போது மச்சான் சொல்லும் மனை. நிலம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை எஃப்.டி.யோடு ஒப்பிடும்போது வாங்கும் நாளையும் விற்கும் நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. தரகும் எழுத்துக் கூலியும் சேர்த்தால் பத்து சதவீதத்துக்கு மேல் முதல் நாளே போய்விடுகிறது. 20 லட்ச ரூபாய் மனை 22 லட்சத்துக்கு விற்றால்தான் போட்ட பணம் திரும்புகிறது. எஃப்.டி.யில் அந்த 20 லட்சம் ஐந்து வருடத்தில் 27 லட்சத்தைத் தாண்டும். மனையும் அதே அளவு லாபம் தர வேண்டுமென்றால் ஐந்து வருடத்தில் அந்த இடத்தின் விலை சுமார் ஒன்றரை மடங்காக வேண்டும். பைபாஸ் ஓரத்தில் சில இடங்களில் அப்படி ஆகியிருக்கிறது, பல இடங்களில் கல் நட்டதோடு நிற்கிறது. பக்கத்து மனையின் விலையைத் தரகரிடம் கேட்காதீர்கள். அந்த நகரில் கடந்த ஒரு வருடத்தில் யாராவது வாங்கியவர் விற்றிருக்கிறாரா, அவருக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அது தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

விற்கும்போது உங்களுக்கு மட்டும் இன்னொரு சங்கடம். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது விற்றால், வாங்குகிறவர் உங்களுக்கான வரியைப் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மீதியைத் தர வேண்டும். ஊர்ப்பக்கம் வாங்குகிறவருக்கு இது புதிது. பலர் பயந்து பின்வாங்குவார்கள், சிலர் உள்ளூர்க்காரருக்குப் பிடிக்கிற மாதிரி 1% பிடித்துவிட்டுப் பிறகு நோட்டீஸ் வாங்குவார்கள். கிரயம் ஆன பணம் என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் பெரும்பாலும் வரும். அப்புறம், இடம் விவசாய நிலமாக இருந்தால் உங்கள் பெயரில் வாங்கவே முடியாது. வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. "அப்பா பெயரில் போட்டுவிடலாம்" என்பார்கள். அப்படிப் போட்டு, அப்பா காலமானபின் அண்ணன் தங்கை எல்லோரும் பங்குதாரர்களாகி, தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கால் பங்கு மட்டும் கிடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடப்பிறந்தவர்கள் மேல் சட்டப்படி தப்பில்லை, பத்திரத்தில் இருப்பதுதான் செல்லும். வீட்டு மனையாக இருந்தால் உங்கள் பெயரிலேயே வாங்கலாம். டி.டி.சி.பி. அனுமதி எண், முப்பது வருட வில்லங்கம், மூலப்பத்திரம் மூன்றையும் மச்சானிடம் விடாமல் உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். பவர் கொடுப்பதாக இருந்தால் அந்த ஒரு கிரயத்துக்கு மட்டும் கொடுங்கள், பொதுப் பவர் வேண்டாம்.

உங்கள் 45,000 வெள்ளிக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டால் இப்படிச் செய்வேன். 10,000 சிங்கப்பூரிலேயே இருக்கட்டும். அதில் மூவாயிரம் கைச்செலவுக் கணக்கிலும் மீதி சேமிப்புப் பத்திரத்திலும். பாஸ் போனால், உடம்புக்கு வந்தால் அதுதான் துணை. 25,000ஐ என்.ஆர்.இ. எஃப்.டி.க்கு அனுப்புவேன், ஒரே நாளில் இல்லாமல் மாதம் ஐயாயிரமாக ஐந்து முறை. ரேட்டைக் குறிபார்ப்பதற்காக இல்லை, 2013 மாதிரி ஒரு சரிவுக்கு முந்தின வாரம் முழுத் தொகையையும் அனுப்பி ஏமாறாமல் இருக்கத்தான். 68 ரூபாய்க் கணக்கில் அது 17 லட்சம், நாலு வங்கியில் பிரித்தால் ஒவ்வொன்றின் அசலும் காப்பீட்டு வரம்புக்குள் நிற்கும். மகளின் படிப்பு அதிலிருந்து. மீதி 10,000 நீங்கள் இன்னும் முடிவு செய்யாத பணம். மனையா, வீடா, பி.ஆரா என்று தெரியும்வரை அது எஃப்.சி.என்.ஆர்.இலோ சேமிப்புப் பத்திரத்திலோ நாணயம் மாறாமல் இருக்கட்டும். மனை நிஜமாகவே நல்லதாக வந்தால் வாங்குங்கள், ஆனால் மகளின் பங்கைத் தொடாமல்.

ஊருக்கு நிரந்தரமாக வந்துவிட்டால் என்.ஆர்.இ. வட்டிக்கான வரிச் சலுகை அன்றோடு முடிந்துவிடும், கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். எஃப்.சி.என்.ஆர். வைப்பு முதிர்வு வரை சொன்ன வட்டியிலேயே தொடரும், அதை அதன்பின் ஆர்.எஃப்.சி. கணக்கில் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் வெளியே இருந்தவருக்கு வந்தபின் இரண்டு வருடமாவது, சிலருக்கு மூன்று, சிங்கப்பூரில் கிடக்கும் பணத்தின் வட்டிக்கு இங்கே வரி வராது. அந்தக் காலம் முடிந்தால் அதற்கும் வரி, வரிக் கணக்கில் அந்த வெளிநாட்டுக் கணக்கையும் காட்டியாக வேண்டும். காட்டாமல் விட்டால் அபராதம் 10 லட்சம் வரை போகக்கூடும். அதனால் திரும்பிய முதல் இரண்டு வருடத்துக்குள் சிங்கப்பூர்க் கணக்கைக் காலி செய்துவிடுவது நிம்மதி.

அனுப்புவதற்கு முன் இன்னொரு வேலை. என்.ஆர்.இ. கணக்கில் மனைவியை இரண்டாம் பெயராகச் சேர்க்கலாம், 'முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில். நாமினியும் எழுதுங்கள். எந்த வங்கியில் எவ்வளவு, எந்தத் தேதியில் முதிர்வு என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள், சிங்கப்பூர்ப் பணத்தையும் அந்தத் தாளிலேயே சேருங்கள். அடுத்த லீவில் வரும்போது மனைவியையும் வங்கிக்குக் கூட்டிப்போய் மேனேஜரிடம் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.